திரும்பி வந்த வெள்ளி விளக்கு

கேள்வி:

வணக்கம் அம்மா. கோத்தகிரி பக்கத்தில் எங்களுக்கு ஒரு பாட் லீஃப் தேயிலைத் தொழிற்சாலை, அதாவது விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. நான் பொறுப்புக்கு வந்து மூன்று வருடம். எங்கள் தூளில் பெரும் பகுதியைச் சென்னையில் இருக்கும் ஒரு பாக்கெட் டீ கம்பெனி வாங்குகிறது. ஒப்பந்தம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த வருட விலையை அக்டோபர், நவம்பரில் பேசுவோம். போன தீபாவளிக்கு அப்பா அவர்களுடைய கொள்முதல் மேலாளர் வீட்டுக்கு 18,000 ரூபாயில் வெள்ளிக் குத்துவிளக்கு ஒன்று அனுப்பினார். துறையில் மற்றவர்களுக்கு 4,000 ரூபாய்க்கு இனிப்பும் போனது. பத்து நாளில் விளக்கு கூரியரில் திரும்பி வந்துவிட்டது. கூடவே கம்பெனி லெட்டர்ஹெட்டில் கடிதம்: ஒருவருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கூடாது, விலைப் பேச்சு நடக்கும்போது எதுவும் கூடாது, வீட்டு முகவரிக்கு அனுப்பக் கூடாது என்று. அப்பாவுக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. மேலாளர் கிறிஸ்தவர், விளக்கு என்பதால் பிடிக்கவில்லையோ என்றும் சொல்கிறார். இந்த வருடம் என்ன செய்வது? ஒன்றும் அனுப்பாவிட்டால் ஒப்பந்தம் கைவிட்டுப் போய்விடுமா? எங்களுக்கு இலையும் விறகும் தருகிறவர்கள் எங்கள் ஆட்களுக்குக் கொடுப்பதையும் தடுக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் அப்பாவிடம் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த மேலாளர் விளக்கைத் திருப்பி அனுப்பியதால்தான் உங்கள் கம்பெனியின் பெயர் இன்னும் அவர்களுடைய சப்ளையர் பட்டியலில் இருக்கிறது. நான் இருபது வருடத்துக்கு மேல் மேஜையின் அந்தப் பக்கத்தில், கொள்முதல் வேலையில் உட்கார்ந்திருந்தவள். அவர் பேசாமல் விளக்கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த வருடம் உள் தணிக்கையின்போதோ, யாரோ ஒருவர் எழுதிப் போட்ட மொட்டைக் கடிதத்திலோ அது வெளியே வரும். அவருக்கு வேலை போகும். உங்களுக்கு ஒப்பந்தம் போகும். லெட்டர்ஹெட்டில் கடிதம் வைத்து அனுப்பியிருக்கிறார் என்றால், பரிசுப் பதிவேட்டில் எழுதி, மேலிடத்துக்குத் தெரிவித்து, அவர்கள் சொன்னபடி திருப்பியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விவகாரம் முடிந்துவிட்டது என்பதற்கு உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான். ஒப்பந்தக் கோப்பிலேயே வைத்துவிடுங்கள்.

மதம் காரணம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் குடும்ப விழாக்களிலும் குத்துவிளக்கு ஏற்றுவது பலருக்குப் பழக்கம்தான். அது பிடிக்காத ஒருவர், வாயால் நன்றி சொல்லிவிட்டு வேறு யாருக்காவது கொடுத்திருப்பார். லெட்டர்ஹெட் வரை போயிருக்க மாட்டார். ஆனாலும் ஒருவருடைய வழிபாட்டோடு ஒட்டிய பொருளை, அவர் வீட்டுப் பழக்கம் தெரியாமல் வியாபாரத்தில் கொடுப்பதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது. விளக்கு, சாமி படம், வெள்ளிப் பிள்ளையார், ஜெபமாலை எல்லாமே இதில் சேரும்.

அந்தக் கடிதத்தில் மூன்று காரணங்கள் இருக்கின்றன. தொகை பெரிது என்பது மட்டுமே உங்கள் அப்பாவின் கண்ணில் பட்டிருக்கும். என் கணக்கில் அது மூன்றில் சின்னது. 1,500 ரூபாய்க்கு ஒரு வெண்கல விளக்கை அதே வாரத்தில் அதே வீட்டுக்கு அனுப்பியிருந்தாலும் அது திரும்பி வந்திருக்கும்.

வீட்டு முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். நான் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் மொய் எப்படி எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வாசலிலேயே மேஜை போட்டு, நோட்டை விரித்து, இன்னார் இவ்வளவு என்று மைக்கிலேயே சொல்லிவிடுவார்கள். கொடுத்தவருக்கும் தெரியும், வாங்கியவருக்கும் தெரியும், ஊருக்கே தெரியும். அந்த மொய் திரும்பி வர வேண்டிய கடன் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகள் பயப்படுவது இந்தக் கடனைத்தான். மொய்யில் கடன் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கிறது. ஒரு விசேஷத்தில் வாங்கியதை இன்னொரு விசேஷத்தில் தீர்த்துவிடலாம். கொள்முதல் மேலாளர் உங்கள் விளக்கை எதை வைத்துத் தீர்ப்பார்? அவரிடம் இருப்பது கம்பெனியின் பணம்தான். கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடப் போட்டோ, ஈரப்பதம் கொஞ்சம் ஏறிய தூள் லாட்டைப் பார்க்காததுபோல் விட்டோதான் தீர்க்க முடியும். அதுவும் வீட்டுக்குப் போன பரிசு என்றால் மைக்கும் இல்லை, நோட்டும் இல்லை. அலுவலக வரவேற்பறையில் ஒரு பெட்டி வந்து இறங்கினால் பத்துப் பேர் பார்ப்பார்கள். வீட்டு முகவரி என்றதுமே, ‘மற்றவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று அனுப்பியவர் நினைத்ததாகத்தான் தணிக்கைக்காரர் எடுத்துக்கொள்வார். அப்பா மரியாதைக்காக வீட்டுக்கு அனுப்பினார் என்பது எனக்குப் புரிகிறது. பதிவேட்டைப் படிக்கிறவர்களுக்கு அது புரியாது.

அடுத்தது நேரம். உங்கள் விஷயத்தில் இதுதான் முக்கியம். ஒவ்வொரு வருடமும் உங்கள் விலைப் பேச்சு அக்டோபர், நவம்பரில் நடக்கிறது. தீபாவளியும் அதே நேரத்தில்தான் வருகிறது. ஆகவே நீங்கள் தீபாவளிக்கு என்ன அனுப்பினாலும், எவ்வளவு சின்னதாக அனுப்பினாலும், அது விலைப் பேச்சின் நடுவில்தான் போய் விழும். சரி, கையெழுத்து ஆன பிறகு பொங்கலுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். அதுவும் சரிவராது. ஜனவரி முதல் தேதி ஒப்பந்தம் தொடங்கி, இரண்டே வாரத்தில் பெட்டி போனால் அது வேலை முடித்துக் கொடுத்ததற்குக் கூலி மாதிரி இருக்கும். பேச்சுக்கு முன்னால் கொடுத்தால் கேட்பதற்காக, பின்னால் கொடுத்தால் கிடைத்ததற்காக என்று ஆகிவிடும்.

உங்களுக்கு வசதியான காலம் ஏப்ரல், மே. ஒப்பந்தம் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும். விலை பேச இன்னும் ஐந்து மாதம் இருக்கும். நீலகிரியில் இலை வரத்து கூடும் காலமும் அதுதான். ஊட்டி மலர்க் கண்காட்சியும் மே மாதத்தில் நடக்கும். ‘எங்கள் மலையில் சீசன், அதனால் அனுப்பினோம்’ என்று எழுதினால் அதில் பொய்யும் இல்லை. தீபாவளிக்கு ஒரு வாழ்த்து அட்டையோடு அப்பாவின் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். பெரியவர் குரலில் வரும் வாழ்த்துக்கு எந்தக் கம்பெனியும் வரம்பு வைத்ததில்லை.

இந்தக் கம்பெனிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன என்று அப்பா கேட்பார். நம் ஊரின் 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர்களைச் சுற்றித்தான் பேசுகிறது. தனியார் கம்பெனி மேலாளருக்குப் பரிசு கொடுத்தவரை நேரடியாகப் பிடிப்பதில்லை. ஆனால் இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் தனியாருக்கும் தனியாருக்கும் இடையில் கைமாறுவதையும் லஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. அந்த நாட்டோடு வியாபாரத் தொடர்புள்ள கம்பெனி தன் சப்ளையர்களையும் அதே கயிற்றில் கட்டத்தான் பார்க்கும். நீங்கள் சப்ளையராகப் பதிவு செய்தபோது முப்பது நாற்பது பக்கத்தில் ஒரு காகிதக் கட்டில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். அதற்குள் சப்ளையர் நடத்தை விதி என்று ஒன்று அநேகமாக இருக்கும். தேடிப் பாருங்கள். பரிசு பற்றிய பத்தி பெரும்பாலும் அரைப் பக்கம்தான். அதில் மூன்றைப் பாருங்கள்: வரம்பு ஒரு தடவைக்கா, வருடத்துக்கா, முன் அனுமதி யாரிடம் வாங்க வேண்டும், பணத்துக்கு ஈடானவை என்று எதையெல்லாம் சொல்கிறார்கள். தங்கக் காசும் கிஃப்ட் கார்டும் அனேகமாக எல்லா இடத்திலும் ரொக்கத்துக்குச் சமம். ஒரு கிராம் காசானாலும் அதே கதைதான்.

தங்கக் காசு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருந்தபோது, ஒரு சப்ளையர் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி அனுப்பினார். வழக்கம்போல எல்லோருக்கும் பங்கு வைத்தோம். மேல்தட்டில் ஜாங்கிரி, அதை எடுத்தால் கீழே பட்டர் பேப்பர், அதற்கும் கீழே சின்னப் பையில் ஒரு தங்கக் காசு. நான் கண்டுபிடித்தது இரண்டாம் நாள். அந்த இரண்டு நாளும் காசு என் மேஜையிலேயேதான் இருந்திருக்கிறது. கண்டுபிடித்த தேதியையும் நேரத்தையும் எழுதி, இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துத் திருப்பி அனுப்பினேன். ஜாங்கிரியைத் திருப்பவில்லை, அது தீர்ந்துபோயிருந்தது. அந்த மனிதர் நல்ல சரக்குத்தான் தந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு விலையையும் இன்னொரு தடவை விசாரிக்காமல் என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை.

இனி வரி. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல், வியாபாரத் தொடர்பில் ஒருவருக்குக் கொடுக்கும் பரிசோ சலுகையோ ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பழைய சட்டத்தில் 194ஆர் என்று ஆடிட்டர்கள் சொல்லும் பிரிவு அது. இந்த 20,000 என்ற கணக்கில்தான் பிடி இருக்கிறது. மேலாளருக்குக் கொடுத்ததை அவருடைய தனிக் கணக்கில் பார்ப்பதில்லை. அவர் உங்கள் வாடிக்கையாளர் கம்பெனியின் ஊழியர் என்பதால், அந்தக் கம்பெனிக்கே கொடுத்ததாக வரித்துறையின் விளக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. நீங்கள் எழுதியதையே கூட்டிப் பாருங்கள். விளக்கு 18,000, மற்றவர்களுக்கு இனிப்பு 4,000, ஆக 22,000. விளக்கு திரும்பி வராமல் இருந்திருந்தால் வரம்பு தாண்டியிருக்கும். முழு 22,000க்கும் 2,200 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். கட்டினால் அது அந்தக் கம்பெனியின் பான் எண்ணில், பிடித்த வரியைக் காட்டும் படிவத்தில் வந்து நிற்கும். அவர்களுடைய கணக்குப் பிரிவு, ‘கோத்தகிரியிலிருந்து நமக்கு என்ன பரிசு வந்தது?’ என்று கேட்கும். கட்டாவிட்டால் தவறு உங்கள் பக்கம். ஒளிக்க நினைத்த பரிசை ஒழுங்காகக் கணக்குக் காட்டவே முடியாது. ஒழுங்காகக் கணக்குக் காட்டினால் ஒளிக்க முடியாது. இதை அப்பாவிடம் சொன்னால் வேறு எதுவும் சொல்லத் தேவையிருக்காது. அந்தக் காலத்து முதலாளிகளுக்கு வரி நோட்டீஸ் மீது இருக்கும் மரியாதை தனி.

ஜி.எஸ்.டி.யில் சொல்ல ஒன்றே ஒன்றுதான். பரிசாகக் கொடுத்த பொருளுக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்கக் கூடாது. விளக்கு திரும்பி வந்து உங்களிடம்தான் இருக்கிறது என்பதால், அதைப் புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

அரசு சம்பந்தப்பட்டவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் குன்னூர், கோத்தகிரியில் இருந்துகொண்டு அதைச் சொல்லாமல் விட முடியாது. தேயிலை வாரிய அதிகாரி, தொழிற்சாலை ஆய்வாளர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர் யாருக்கும் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டிகூட வேண்டாம். டான்டீ அரசு நிறுவனம். அதன் ஊழியரும் சட்டத்தின் பார்வையில் பொது ஊழியர்தான். 2018இல் சட்டத்தைத் திருத்திய பிறகு கொடுத்தவருக்கும் தண்டனை உண்டு, ஏழு ஆண்டு வரை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றும் இல்லை.

சரி, மே மாதம் என்ன அனுப்பலாம்? முதலில் கேட்டு அனுப்புங்கள். மார்ச் மாதமே மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். கடிதத்தில் யார் பெயர் இருந்ததோ, அவர்களுடைய நெறிமுறைப் பிரிவுக்கும் அதன் நகலை அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும், சாரம் இது:

‘போன வருடம் உங்கள் விதி தெரியாமல் எங்கள் தந்தை அனுப்பிய பொருளைத் திருப்பி அனுப்பியதற்கு நன்றி. இனி அப்படி நடக்காது. மே மாத சீசனுக்கு உங்கள் துறையில் உள்ள ஆறு பேருக்கும் ஒரே மாதிரியாக, ஒருவருக்கு 600 ரூபாய் மதிப்புக்குள், எங்கள் தூளும் உள்ளூர்ப் பொருளும் உங்கள் அலுவலக முகவரிக்கு அனுப்ப விரும்புகிறோம். இதை ஏற்கலாமா, வேண்டாமா என்று சொன்னால் அதன்படி நடப்போம். உணவில் யாருக்காவது தவிர்க்க வேண்டியது இருந்தால் அதையும் தெரிவிக்கவும்.’

இதில் ‘ஆறு பேருக்கும் ஒரே மாதிரியாக’ என்பது முக்கியம். முடிவு எடுப்பவருக்குப் பெரிதாகவும் மற்றவர்களுக்குச் சிறிதாகவும் கொடுத்தால் யாரைக் குறிவைக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள் என்று அர்த்தம். மதிப்பைக் கணக்கிடும்போது உங்கள் தூளை அடக்க விலையில் போடாதீர்கள். வெளியே விற்கும் விலைதான் மதிப்பு. வருடத்துக்கு 2,000 என்றால் நாம் 2,000 வரை போக வேண்டும் என்றில்லை. வேறு சந்தர்ப்பத்தில் அவர்கள் உங்கள் இடத்தில் ஒரு நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் அந்தக் கணக்கில் ஏறலாம். அனுமதி இல்லை என்று பதில் வந்தால், நன்றி என்று ஒரு வரி எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். பதிலே வரவில்லை என்றால் அதையும் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலை வாங்குகிறவருக்கே தேயிலையைப் பரிசாகக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சுவை பார்க்க அனுப்பும் மாதிரி பரிசு இல்லை. அது வியாபாரத்தின் ஒரு பகுதி. லாட் எண்ணோடு, சின்னப் பொட்டலமாக, சுவை பார்க்கும் அறைக்குப் போகும். அதே காரணம் சொல்லி வீட்டுக்கு ஐந்து கிலோ நல்ல தூள் போனால் அது மாதிரி இல்லை. ஆகவே மே மாதப் பொட்டலத்தில் லாட் எண் இல்லாமல், ‘அன்பளிப்பு, விற்பனைக்கு அல்ல’ என்று எழுதுங்கள். இரண்டும் கலந்துவிடக் கூடாது.

தூளோடு என்ன வைப்பது என்பதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். ஊட்டி வர்க்கி எனக்கு உயிர். ஆனால் கூரியரில் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் பாதி தூளாகிவிடும். இரண்டு வகைத் தூளை அனுப்பிய மாதிரி இருக்கும். தகர டப்பாவில் இறுக்கி வைத்தால் ஓரளவு தப்பும். கையால் செய்த சாக்லேட் வாங்கினால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். ஊட்டிக் கடைகளில் ரம் சேர்த்தவையும் இருக்கும். அவற்றை இஸ்லாமியர் வீட்டுக்கோ மது தொடாதவருக்கோ அனுப்பிவிட்டுப் பின்னால் மன்னிப்புக் கேட்க முடியாது. மே மாத வெயிலில் சென்னைக்குப் போனால் உருகியும் விடும். காட்டுத் தேன் நம் மலையின் பெருமை. ஆனால் சமணர்கள் தேன் சாப்பிடுவதில்லை. கிழங்கு வகைகளையும் தவிர்ப்பார்கள். தேயிலை வியாபாரத்தில் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள் நிறைய என்பது உங்களுக்கே தெரியும். அவர்களில் பலர் சமணர்கள். தோல் பர்ஸும் அவர்களுக்கு வேண்டாம். ஆறு பேருக்கும் ஒரே பொருள் என்பதால், ஆறு பேரில் யாருக்கும் இடைஞ்சல் தராததாகப் பார்த்து எடுக்க வேண்டும். அரைக் கிலோ தூள், ஒரு சின்னப் புட்டி யூகலிப்டஸ் தைலம், இரண்டு சோப்பு போதும் என்பேன். நாக்குக்குப் போவது தூள் மட்டும். அதில் வம்பு இல்லை.

தீபாவளியைத் தவிர்ப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. அந்த வருடம் வீட்டில் துக்கம் நடந்திருந்தால் பல குடும்பங்களில் பண்டிகை கொண்டாடமாட்டார்கள். அந்த வீட்டு வாசலில் இனிப்புப் பெட்டி போய் நின்றால் வாங்குகிறவருக்கும் சங்கடம், அனுப்பியவருக்கும் சங்கடம். மே மாத சீசன் பொட்டலத்துக்கு இந்தக் கவலை இல்லை.

தோடர் வேலைப்பாட்டுச் சால்வை பற்றி யோசிப்பீர்கள் என்று நினைக்கிறேன். நீலகிரியில் வெளியூர்க்காரருக்குக் கொடுக்க எல்லோருக்கும் முதலில் அதுதான் தோன்றும். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக நூலெண்ணித் தைக்கும் அந்த வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உண்மையான கைவேலைச் சால்வை ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். விலையும் 2,000க்குள் அடங்காது. அடங்குகிற விலையில் கடையில் தொங்குவது பெரும்பாலும் மெஷினில் தைத்த போலி. அதைக் கொடுத்தால் வாங்கியவருக்கும் ஏமாற்று, தைத்தவர்களுக்கும் ஏமாற்று. புத்குளி என்பது தோடர்கள் தோளில் போர்த்துவது; இறந்தவரையும் அதில்தான் சுற்றுவார்கள். அதை மேஜை விரிப்பு மாதிரி மடித்து டப்பாவில் வைப்பதை நான் விரும்பமாட்டேன். விற்பனைக்கென்றே அவர்கள் தைக்கும் சின்னப் பை, செல்போன் உறை மாதிரி வேண்டுமானால் நேரடியாக அவர்களிடமே வாங்கிக்கொடுங்கள்.

பொட்டலத்தைச் சுற்ற ஜிகினா பிளாஸ்டிக் தாள் வேண்டாம். நம் மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கும்போது, நீலகிரியிலிருந்து வருகிற பொருளே பிளாஸ்டிக்கில் வந்தால் சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள். பழுப்புத் தாளில் சணல் கயிறு கட்டி, உள்ளே ஒரு சீட்டு: யார் அனுப்பியது, என்ன பொருள், மதிப்பு எவ்வளவு. மதிப்பை நாமே எழுதுவது அநாகரிகம் என்று அப்பா சொல்வார். வாங்குகிறவர் பதிவேட்டில் எழுத வேண்டியதை நாமே எழுதிக் கொடுத்தால் அவர் வேலை மிச்சம். எங்கள் ஊர் மொய்யிலும் தொகையைச் சொல்லித்தானே எழுதுகிறோம்.

ஆய்வுக்கு அவர்கள் உங்கள் தொழிற்சாலைக்கு வருவார்கள் அல்லவா? அன்றைக்குப் போடும் சாப்பாடு வேறு. டீயும், தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் எல்லோரோடும் உட்கார்ந்து மதியச் சாப்பாடும் பெரும்பாலும் யாருக்கும் உறுத்தாது. வீட்டுச் சாப்பாடு என்றால் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ரிசார்ட்டில் இரண்டு இரவு, மனைவி மக்களோடு தொட்டபெட்டாவுக்குக் கார் என்று போனால் விளக்கைவிடப் பெரிய தப்பு. அவர்களுடைய தங்கும் செலவை அவர்கள் கம்பெனியே கட்டட்டும். நீங்கள் ரூம் போட உதவுங்கள், பணம் கட்டாதீர்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மேலே சொன்னதையெல்லாம் திருப்பிப் போட்டுப் பார்த்தால் அதன் விடை வந்துவிடும். உங்கள் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர் யார்? நீங்களோ அப்பாவோ இல்லை. இலை எடை போடுகிற சூப்பர்வைசர். மழை நாளில் ஈர இலைக்கு எத்தனை கிலோ கழிக்க வேண்டும் என்று அங்கேயே நின்று முடிவு செய்கிறவர் அவர்தான். இலை கொண்டுவரும் ஏஜென்ட் ஒருவர் தீபாவளிக்கு அவருக்கு மட்டும் வேட்டி சட்டையும் உறையில் பணமும் கொடுத்தால், அடுத்த மழை நாளில் அந்த ஏஜென்ட்டின் மூட்டைக்குக் கழிவு குறையும். குறைகிறதா என்று கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. எடைச் சீட்டுகளை ஏஜென்ட் வாரியாகப் பிரித்து, ஒரே நாளில் ஒரே பகுதியிலிருந்து வந்த இலைக்கு யாருக்கு எத்தனை சதவீதம் கழித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதத்தையும் அடுத்த மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு மட்டும் கழிவு இறங்கியிருந்தால் காரணத்தைக் கேட்கலாம். விறகுக்காரரும் பாய்லர்காரரும் அதே கதைதான்; ஈர விறகை இறக்கிவிட்டுப் போனால் நஷ்டம் உங்கள் அடுப்பில்.

அதற்காக ஏஜென்ட்டுகளிடம் ‘இனி கையை நீட்டாதே’ என்று முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். பல வருடத்துப் பழக்கம், மனம் கோணும். ஒரு பக்கத்தில் விதி எழுதி எடை மேடைப் பக்கத்தில் ஒட்டுங்கள். ரொக்கம் யாரும் யாரிடமும் வாங்கக் கூடாது. பண்டிகைக்குக் கொண்டுவரும் இனிப்பு, பழம் அலுவலகத்தில் இறங்கும், எல்லோருக்கும் பங்கு. அதற்கு மேல் எது வந்தாலும் உங்களிடம் காட்டி நோட்டில் எழுத வேண்டும். அந்த நோட்டில் முதல் வரியில் உங்கள் பெயர் இருக்கட்டும். உங்களுக்கு மெஷின் சப்ளையர் கொடுத்த டைரியையும் காலண்டரையும் எழுதுங்கள். முதலாளி எழுதாத நோட்டில் சூப்பர்வைசர் எழுதமாட்டார்.

இலை தரும் சிறு விவசாயிகளுக்கு நீங்கள் பண்டிகைக்குக் கொடுப்பது வேறு விஷயம், அதை நிறுத்த வேண்டாம். அங்கே முடிவு எடுக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. அவர்களைச் சாய்த்து எதையும் வாங்கப் போவதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவாக, பட்டியல் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். இலை விலையில் குறைத்துவிட்டு ஸ்வீட் பாக்ஸில் ஈடுகட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். அவர்கள் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

ஒப்பந்தம் போய்விடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். விளக்கு திரும்பி வந்த பிறகும் அதே மேலாளர் உங்களோடு விலை பேசிக் கையெழுத்துப் போட்டாரா, இல்லையா? போட்டார் என்றால், விளக்கு இல்லாமலேயே இந்த ஒப்பந்தம் நடக்கிறது என்பதை நீங்கள் ஏற்கனவே ஒரு வருடம் பார்த்துவிட்டீர்கள். அக்டோபரில் பேச உட்காரும்போது போன பன்னிரண்டு மாதத்தில் எத்தனை லாட் அனுப்பினோம், எத்தனை திரும்பி வந்தது, எத்தனை தாமதம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள். மேலாளர் அவரிடம் விளக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டார், நீங்களும் எடுக்க வேண்டாம்.